எபிசோட் எழுத்து வடிவம்: டேபிளை மூடி வெச்சா மார்க் போகும் (ஹெச்2 எக்கனாமிக்ஸ் கேஸ் ஸ்டடி)

இந்த எபிசோட் சிங்கப்பூர் ஜேசி பசங்களுக்கு. வேற ஊர்ல எக்கனாமிக்ஸ் படிக்கிறவங்களுக்கும் பாதிக்கு மேல உபயோகப்படும்.

விஷயம் வீட்டுல இருந்துதான் ஆரம்பிச்சது. என் தம்பிக்கு ப்ரிலிம்ஸ் முடிஞ்சு பேப்பர் வந்துச்சு. ஒரு கேஸ் ஸ்டடில 30-க்கு 11. ஏ லெவலுக்கு ரெண்டு மாசம்கூட இல்ல. பேப்பர் 1-ல ரெண்டு கேஸ், ஒவ்வொண்ணும் 30 மார்க், ரெண்டுமே கட்டாயம். மொத்த கிரேடுல 40 சதவீதம் இதுதான். அவன் விடைத்தாளை உட்கார்ந்து படிச்சேன். தியரி எல்லாம் சரியா இருந்தது. ஆனா மூணு பக்கத்துல டேபிள்ல இருந்து ஒரே ஒரு நம்பர்தான் எடுத்திருந்தான். அதையும் தப்பா படிச்சிருந்தான்.

நான் ஜேசி படிச்சப்போ இதே தப்பைத்தான் பண்ணேன். அதனால டென் இயர் சீரீஸ் புத்தகத்தை வெச்சு நாங்க எப்படிப் பயிற்சி பண்ணோம்னு சொல்றேன். புரியறதுக்காக நானே ஒரு சின்ன டேபிள் போட்டிருக்கேன். எல்லாம் கற்பனை நம்பர்தான்.

| ஆண்டு | பணவீக்கம் (%) | சம்பள உயர்வு (%) | நாணய மதிப்புக் குறியீடு | எண்ணெய் விலை மாற்றம் (%) |
|---|---|---|---|---|
| 1 | 1.2 | 2.0 | 100 | +5 |
| 2 | 4.8 | 3.0 | 101 | +60 |
| 3 | 3.9 | 3.5 | 105 | +10 |
| 4 | 2.1 | 3.4 | 109 | −15 |

முதல் வேலை: கேள்வியை மறைச்சிட்டு டேபிளைப் படிக்கிறது

பழைய பேப்பர் கையில கிடைச்சதும் எல்லாரும் டைமர் போட்டு முழுசா எழுத உட்கார்ந்துடுவாங்க. நாங்க முதல் வாரம் ஒரு விடைகூட எழுதல. கேள்விகளை ஒரு தாளால மறைச்சிட்டு, ஒவ்வொரு டேபிளுக்கும் மூணு வரி மட்டும் எழுதினோம். ஒண்ணு, ஒவ்வொரு நெடுவரிசையும் அளவைச் சொல்லுதா, மாற்ற வேகத்தைச் சொல்லுதா? ரெண்டு, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் என்ன ஆச்சு? மூணு, நடுவுல எது வித்தியாசமா இருக்கு?

முதல் வரிதான் ரொம்ப முக்கியம். மேல இருக்கிற டேபிள்ல பணவீக்கம் 4.8-ல இருந்து 2.1-க்கு இறங்குது. உடனே "விலைகள் குறைந்தன"ன்னு என் தம்பி எழுதினான். விலை குறையவே இல்ல. முதல் ஆண்டுக்கு முன்னாடி 100 வெள்ளி இருந்த பொருள்கள் நாலாவது ஆண்டு முடிவுல சுமார் 112.50 வெள்ளி. ஏறுற வேகம்தான் குறைஞ்சது. ரெண்டு மார்க் கேள்விக்கு விடை இப்படி இருக்கணும்: "பணவீக்கம் 1.2%-லிருந்து 2.1%-ஆக மொத்தத்தில் உயர்ந்தது. ஆனால் ஆண்டு 2-ல் 4.8% என்ற உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கியது." மொத்தப் போக்குக்கு ஒரு மார்க், அதுல இருக்கிற விதிவிலக்குக்கு ஒரு மார்க்.

இன்னும் கொஞ்சம் கஷ்டமான ஒண்ணு கேக்குறேன். சம்பளத்தோட வாங்கும் சக்தி எந்த ஆண்டு முடிவுல மிகக் குறைவு? நிறைய பேர் ஆண்டு 2-ன்னு சொல்லுவாங்க, ஏன்னா இடைவெளி அங்கதான் பெருசு. ஒவ்வொரு ஆண்டுக்கும் சம்பள உயர்வுல இருந்து பணவீக்கத்தைக் கழிச்சுப் பாருங்க: +0.8, −1.8, −0.4, +1.3. ஆண்டு 3-லயும் வாங்கும் சக்தி கீழதான் போகுது, மெதுவா போகுது, அவ்வளவுதான். அதனால விடை ஆண்டு 3. ஆண்டு 4-ல ஏறினாலும், தொடங்கின இடத்துக்கு முழுசா வந்து சேரல. வேகத்தைப் பார்த்து அளவைச் சொல்றதுதான் பழைய பேப்பர்கள்ல நாங்க அதிகமா மாட்டின இடம்.

அடுத்து: பெரிய கேள்வி

கேஸ்ல கடைசியில வர்ற 8 இல்ல 10 மார்க் கேள்விக்கு வருவோம். உதாரணமா: "நாணய மதிப்பை உயர்த்தியதுதான் பணவீக்கத்தைக் குறைத்தது என்ற கருத்தை இந்தத் தரவு எந்த அளவுக்கு ஆதரிக்கிறது?" சிங்கப்பூர்ல எம்ஏஎஸ் வட்டி விகிதத்துக்குப் பதிலா நாணய மாற்று விகிதத்தைத்தான் கருவியா வெச்சிருக்கு, அதனால இந்த மாதிரி கேள்வி நமக்குப் புதுசில்ல.

என் தம்பி எழுதினது: நாணயம் வலுவானா இறக்குமதி மலிவாகும், ஏற்றுமதிக்கான தேவை குறையும், அதனால பணவீக்கம் குறையும். எல்லாம் சரி. ஆனா இந்த டேபிள் இல்லாமலே இதை எழுதிடலாம். கேள்வியோ "இந்தத் தரவு"ன்னு கேக்குது.

நாங்க திருத்தி எழுதினப்போ மூணு படியா போனோம். முதல்ல, தரவு எங்க ஆதரிக்குது? குறியீடு 101-ல இருந்து 109-க்கு ஏறின அதே ரெண்டு ஆண்டுலதான் பணவீக்கம் 4.8-ல இருந்து 2.1-க்கு இறங்கியிருக்கு. காலம் பொருந்துது. ரெண்டாவது, வேற எது அதே நேரத்துல நடந்தது? எண்ணெய் விலை உயர்வு 60%-ல இருந்து 10% ஆகி, அப்புறம் 15% சரிஞ்சிருக்கு. ரெண்டு காரணமும் ஒண்ணா வந்ததால எது எவ்வளவு வேலை செஞ்சதுன்னு இந்த டேபிளால பிரிச்சுச் சொல்ல முடியாது. மூணாவது, தீர்ப்பு. எண்ணெயோட அசைவு ரொம்பப் பெருசு, ஆனா அது இறக்குமதியில ஒரு பகுதிதான். நாணயம் ஆண்டுக்கு 4%-க்குக் கொஞ்சம் கம்மியாதான் ஏறியிருக்கு, ஆனா அது எல்லா இறக்குமதியையும் தொடும். அதனால உணவு, துணி மாதிரி எண்ணெய் அல்லாத இறக்குமதிகளோட விலை தெரிஞ்சா வாதம் வலுவாகும். இப்போதைக்குத் தரவு பாதி ஆதரவுதான் தருது.

ஒரு எச்சரிக்கை. கடைசியில "மேலும் தரவு தேவை"ன்னு மட்டும் எழுதி முடிக்காதீங்க. எந்தத் தரவு, அது எப்படி இருந்தா முடிவு எந்தப் பக்கம் சாயும்னு சொன்னாதான் அது மதிப்பீடு.

திருத்துறது எப்படி

டென் இயர் சீரீஸ் பின்னாடி இருக்கிற விடைகள் ஆசிரியர்கள் எழுதினவை. தேர்வு வாரியத்தோட அதிகாரப்பூர்வ மதிப்பெண் திட்டம் இல்ல. மனப்பாடம் பண்ணவும் வேண்டாம், வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிடவும் வேண்டாம். நாங்க செஞ்சது ரெண்டு கலர் ஹைலைட்டர். விடையில டேபிள் அல்லது பத்தியிலிருந்து வந்த வரி மஞ்சள், பாடப் புத்தகத்திலிருந்து வந்த வரி பச்சை. முழுப் பக்கமும் பச்சையா இருந்தா கேஸையே படிக்கலன்னு அர்த்தம். முழுக்க மஞ்சளா இருந்தா நம்பரைத் திருப்பி ஒப்பிச்சிருக்கோம், காரணம் சொல்லல.

அப்புறம் ஒரு தப்புப் பட்டியல். வேலையில நான் பக் எழுதி வைக்கிற மாதிரி, தப்போட வகையை மட்டும் எழுதணும்: "வேகம்/அளவு குழப்பம்", "யூனிட் பார்க்கல", "ஒரே பக்கம் பேசினேன்", "நேரம் போதல". நாலு பேப்பர் முடிச்சதும் அவன் பட்டியல்ல பாதிக்கு மேல முதல் வகை. அப்போ அஞ்சாவது பேப்பர் முழுசா எழுதத் தேவையில்ல. வேற ஆண்டுகளோட டேபிள்களை மட்டும் எடுத்து, அந்த ஒண்ணையே பழகினோம்.

டைமர் கடைசி மூணு வாரம்தான். ஒரு மார்க்குக்கு ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல கிடைக்கும், அதுக்குள்ள படிக்கிற நேரமும் அடக்கம். ரெண்டு மார்க் கேள்விக்கு எட்டு வரி எழுதுறவங்க கடைசிக் கேள்வியில கையை உதறிட்டு உட்கார்ந்திருப்பாங்க. ரொம்பப் பழைய பேப்பர் எடுத்தா, இப்போதைய சிலபஸ்ல அந்தக் கேள்வி வடிவம் இருக்கான்னு பார்த்துக்கோங்க. வடிவம் மாறியிருந்தாலும் டேபிள் படிக்கிற பயிற்சிக்கு அது போதும்.

தம்பிக்கு ரிசல்ட் இன்னும் வரல. ஆனா போன வாரம் எழுதின கேஸ்ல மஞ்சளும் பச்சையும் மாறி மாறி வந்திருந்தது. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.