புகையிலையின் நஞ்சு யாருக்கு?

புகையிலையைக் கடவுள் மனிதனுக்காகவே படைத்தார் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அப்படியானால் அதிலுள்ள நிக்கோட்டின் என்னும் நஞ்சு யாருக்காக என்று கேட்க வேண்டாமா?

அந்நஞ்சு உண்டாகுமிடம் வேர். நீரோடு மேலேறி இலையில் தங்குகிறது. புழு இலையைக் கடித்தால், கடிபட்ட இடத்திலிருந்து வேருக்குத் தாக்கல் போகிறது; வேர் முன்னிலும் அதிகமாக நஞ்சை உண்டாக்கி அனுப்புகிறது. நுனி கிள்ளிய செடியில் காரம் ஏறுவதைப் புகையிலைக் குடியானவர்கள் அறிவார்கள் அல்லவா!

பூச்சியின் உடம்பில் ஒரு நரம்பு அடுத்த நரம்பைத் தூண்டுவதற்கு ஒருவிதச் சாற்றைச் சிந்துகிறது. வேலை முடிந்ததும் அச்சாறு உடனே சிதைந்துவிடும். நிக்கோட்டினோ கள்ளச்சாவி போல அச்சாற்றின் இடத்தில் போய் உட்காருகிறது. ஆனால் அப்படிச் சிதைவதில்லை. ஆகவே நரம்பு ஓயாமல் தூண்டப்படுகிறது. பூச்சி நடுங்கி, முடங்கிச் சாகிறது.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்துக் காட்டுப் புகையிலையில், நஞ்சை உண்டாக்கும் சக்தியை மட்டும் ஒடுக்கிய செடிகளை விஞ்ஞானிகள் வெளியில் நட்டுப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது. வெட்டுக்கிளியும் புழுவும் அச்செடிகளையே மிக அதிகமாய்த் தின்று தீர்த்தன. நஞ்சுள்ள செடி பிழைத்து விதை விட்டது. நஞ்சு குறைந்தது அழிந்தது. செடி யோசித்துச் செய்ததல்ல, ஒருவர் திட்டமிட்டதுமல்ல.

திட்டமென்று பிடிவாதம் செய்பவர் இதற்குப் பதில் சொல்லட்டும்: அமெரிக்காவிலேயே வாலில் கொம்புள்ள ஒரு புழு, அதே இலையைத் தின்று, நஞ்சைக் கழிவோடு வெளியேற்றிவிட்டுக் கொழுத்து வளர்கிறதே, எப்படி?