பட்டறைக்கு ஒரு பிளேனர்: போட்ட முதல் எப்போது திரும்பும்?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நான் படிக்கும் பாடத்தில் 'மீளளிப்புக் காலம்', 'தேறிய இன்றைய பெறுமதி' என்று இரண்டு கணக்குகள் உண்டு. பெயரைக் கேட்டால் கொழும்பிலே பெரிய கம்பனிகள் செய்யும் கணக்கு என்று தோன்றும். ஆனால் நமது வாவிக்கரையில் இரண்டு மூன்று பேரை வைத்துக் கதவும் ஜன்னலும் செய்கின்ற ஓடாவியாருக்குத்தான் இது அதிகம் வேண்டியது. கம்பனி ஒரு இயந்திரத்தில் ஏமாந்தால் அடுத்ததில் ஈடுசெய்யும். ஓடாவியார் ஏமாந்தால் மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போகும்.

ஆகையால் ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். கல்லடிப் பாலத்துக்கு அப்பால் எங்கேனும் இருக்கட்டும். அங்கே மரத்தைக் கைச்சீவுளியால் இழைக்க நாட்கூலிக்கு ஒருவர் வருகிறார். அவருக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் கூலி. பிளேனர் என்று பட்டறைகளில் சொல்லும் மரஞ்சீவும் இயந்திரம் ஒன்றை வாங்கிப் பூட்டி மின்னிணைப்பும் எடுக்க 540,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குக்காக நான் இட்டவை. உங்கள் பட்டறையின் தொகையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

விற்பவர் சொல்லும் கணக்கு இது: "மாதத்தில் 10 நாட்கூலி மிச்சம், அது 30,000. ஆண்டுக்கு 360,000. ஒன்றரை ஆண்டில் போட்ட முதல் கைக்கு வந்துவிடும்." முதலை ஆண்டு மிச்சத்தால் வகுப்பதுதான் மீளளிப்புக் காலம். வகுத்தலில் பிழை இல்லை. பிழை, வகுக்கும் எண்ணில் இருக்கிறது.

மட்டக்களப்பில் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமும் வீட்டுவேலை நடப்பதில்லை. வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டால் கட்டடம் எழும்பாது. கட்டடம் எழும்பாவிட்டால் கதவு கேட்க ஆள் வராது. மூன்று மாதத்தைக் கழித்தால் ஒன்பது மாத மிச்சம் 270,000 ரூபாய். இனி இயந்திரமும் சாப்பிடும். மின்சாரம் ஆண்டுக்கு 50,000 என்போம். அலகு தீட்டல், புது அலகு, பழுதுபார்ப்பு எல்லாம் 40,000. நமது முதிரை மரம் அலகைச் சீக்கிரம் மழுக்கும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாவியின் உப்புக்காற்றில் எண்ணெய் பூசாத இரும்பு துருப்பிடிக்கும். ஆக, தேறுவது 180,000. ஒன்றரை ஆண்டு மூன்று ஆண்டாயிற்று.

இங்கே இன்னொன்றும் கேட்கவேண்டும். அந்தக் கூலி உண்மையிலே நிற்குமா? மரம் இழைப்பவர் ஓடாவியாரின் மருமகன் என்றால், இயந்திரம் வந்த மறுநாள் "நீ போ மகனே" என்று சொல்ல முடியுமா? அவர் அங்கேயே இருந்து கூலியும் வாங்கினால் மிச்சம் என்பது கொப்பியில் மாத்திரம் இருக்கும். அவரை மெருகுவேலையில் விட்டு, முன்பு ஆளில்லாமல் மறுத்த ஓடர்களை எடுத்தால், அதில் வரும் இலாபத்தையே மிச்சத்தின் இடத்தில் எழுதவேண்டும். பெட்டியை விட்டுப் போகாத பணம் எது, பெட்டிக்குள் புதிதாக வந்த பணம் எது என்ற இரண்டைத் தவிர வேறெதையும் எழுதக்கூடாது.

சரி, மூன்று ஆண்டு. இயந்திரம் ஐந்து ஆண்டு உழைக்கும் என்றால் கடைசி இரண்டு ஆண்டும் இலாபம்தானே என்று தோன்றும். மீளளிப்புக் காலம் மறைக்கும் சங்கதி இங்கேதான் இருக்கிறது. இன்று கொடுக்கும் 100 ரூபாயும் வருகிற ஆண்டு வாங்கும் 100 ரூபாயும் ஒன்றல்ல. வட்டி 12 வீதம் என்றால் இன்றைய 100 அடுத்த ஆண்டு 112 ஆகும். எனவே அடுத்த ஆண்டு வரும் தொகையை 1.12 ஆல் வகுத்தால் அதன் இன்றைய பெறுமதி கிடைக்கும். அதற்கு அடுத்த ஆண்டின் தொகையை இருமுறை வகுக்கவேண்டும். இப்படியே ஐந்து ஆண்டும் போகலாம்.

நமது 180,000 முதலாண்டில் 160,714 ஆகவும், பின் 143,495, 128,120, 114,393, 102,137 ஆகவும் குறைகிறது. மூன்று ஆண்டு முடிவில் கூட்டினால் 432,329 தான். முதல் இன்னும் வந்து சேரவில்லை. நாலாம் ஆண்டின் கடைசியிலேதான் அது வருகிறது. ஐந்தையும் கூட்ட 648,859. அதில் முதலைக் கழிக்க 108,859 மிஞ்சும். இதுவே தேறிய இன்றைய பெறுமதி. அது பூச்சியத்துக்கு மேலே இருப்பதால் வாங்கலாம்.

ஆனால் 12 என்ற வீதத்தை நான் எங்கிருந்து எடுத்தேன்? அதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த ஆண்டின் இறுதியில் வங்கிகள் தங்கள் மிகச்சிறந்த வாடிக்கையாளரிடம் வாங்கிய வட்டியே சராசரியாக 25 வீதத்தைத் தாண்டியிருந்தது. நமது ஓடாவியார் அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்கு 27 வீதம் என்றே வைப்போம். அதே இயந்திரம், அதே மிச்சம், அதே மூன்று ஆண்டு மீளளிப்புக் காலம். ஐந்தாண்டு மிச்சத்தின் இன்றைய பெறுமதியோ 464,880 தான். 75,120 ரூபாய் நட்டம். ஐந்தாண்டு கழித்துப் பழைய இயந்திரத்தை 50,000 க்கு விற்றாலும் அதன் இன்றைய பெறுமதி 15,000 ரூபாய் அளவே. அது ஓட்டையை அடைக்காது. மீளளிப்புக் காலம் மாத்திரம் பார்த்தவருக்கு இரண்டு காலமும் ஒன்றுபோலவே தெரிந்திருக்கும்.

இதற்கு மறுப்பும் உண்டு. வட்டி ஏறிய அந்த நாட்களிலே விலைவாசியும் ஏறியது, கூலியும் ஏறும். கூலி ஏறினால் இயந்திரம் மிச்சப்படுத்தும் தொகையும் ஏறுமல்லவா? நியாயமான கேள்வி. தேறிய மிச்சம் இரண்டாம் ஆண்டு முதல் ஆண்டுக்கு 10 வீதம் ஏறும் என்று போட்டுப் பார்த்தேன். 27 வீத வட்டியிலும் மொத்தம் 542,682 வந்தது. மயிரிழையில் தப்புகிறது. ஆகையால் வட்டியை ஏறிய விலையில் போட்டு, கூலியை இறங்கிய விலையில் போடக்கூடாது.

மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் உயர்ந்தது. பின்பு குறைந்தது உண்மை. நமது 50,000 ரூபாய் மின்செலவு 66 வீதம் ஏறி, கூலி ஏறாமல் நின்றால் ஆண்டு மிச்சம் 147,000 ஆகும். 12 வீத வட்டியிலேகூட 10,000 ரூபாய் நட்டம். ஆண்டுக்கு ஏறக்குறைய 150,000 மிஞ்சினால்தான் இந்த இயந்திரம் தாங்கும். நாட்கணக்கில் சொன்னால், செலவு மாறாதபோது, ஆண்டுக்கு 80 நாட்கூலியாவது உண்மையாக நிற்கவேண்டும். நாம் எண்ணியது 90. இடையில் இருப்பது பத்தே நாள். பெருமழை ஒரு மாதத்துக்கு மேல் கூடப் பெய்தால் கணக்குப் புரண்டுவிடும்.

ஆகவே இந்தத் தொகைகளோடு ஓர் ஓடாவியார் என்னிடம் கேட்டால், 12 வீதத்தில் கடன் கிடைக்குமானால் வாங்குங்கள், 27 என்றால் கைச்சீவுளியே இருக்கட்டும் என்பேன். வாங்குவதானாலும் ஐப்பசியில் வாங்கவேண்டாம். முதல் மூன்று மாதம் இயந்திரம் சும்மா நிற்கும், வட்டி நிற்காது. தைப்பொங்கல் கழியட்டும், மழை விட்டு ஓடர் இரண்டு கைக்கு வந்தபின் கடைக்குப் போகலாம்.