சொன்னதே எழுதுக! – அடிவரி அமைக்கும் முறை



திரையில் ஒருவர் பேசும் பேச்சை எழுத்தாக்கி அடியில் காட்டுவதைச் சப்டைட்டில் என்பர். அடிவரி என்பது அதற்குத் தகும் பெயர். பேசுவோர் வாயில் அயற்சொல் வந்தால், அடிவரியில் அதனை நற்றமிழாக்கலாமா? தனித்தமிழ் அன்பர் முதலில் தெளியவேண்டிய வினா இதுவே.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அதன் வழியாகச் சிற்றூர்ப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அவருள் ஒரு மூதாட்டி தம் நினைவைச் சொல்ல, அது படமாக்கப்பட்டதாகக் கொள்க. முதற்பணி, அவர் பேச்சைக் கேட்டுச் சொல் பிசகாமல் எழுதிக்கொள்வது. அடுத்தது, அதனைத் துண்டாக்கிக் காலம் குறிப்பது. அக்கோப்பு இவ்வாறு அமையும்:

```
7
00:00:12,400 --> 00:00:16,300
அப்ப எங்க ஊர்ல பொம்பளைங்க
சைக்கிள் ஓட்டுனா சிரிப்பாங்க.

8
00:00:17,100 --> 00:00:18,600
நான் விடல.
```

முதலில் வரிசை எண். அடுத்துத் தொடங்கும் காலமும் முடியும் காலமும். அதன்பின் இரண்டு வரிக்கு மிகாத பேச்சு. இறுதியில் ஒரு வெற்றுவரி. நொடிக்கும் அதன் ஆயிரத்தில் ஒரு கூற்றுக்கும் இடையே காற்புள்ளி வரவேண்டும். கோப்பினை UTF-8 முறையில் சேமிக்காவிடின் தமிழெழுத்துச் சிதைந்து தோன்றக்கூடும்.

இங்கே ‘சைக்கிள்’ என்பதை ‘மிதிவண்டி’ என மாற்றுதல் பிழை. செவிப்புலன் இழந்தார் மூதாட்டியின் இதழசைவையும் எழுத்தையும் ஒருங்கே பார்ப்பர். இரண்டும் முரணினால் அவர் நம்பிக்கை குலையும். மேலும், அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவது பொய்ச்சான்று. ஆனால், அதே படத்தில் ஆங்கிலத்தில் பேசுவோரின் பகுதியை மொழிபெயர்க்கையில் சொல் நம்முடையது. அங்கே ‘மிதிவண்டி’ என்றே எழுதவேண்டும். பதிவு வேறு, பெயர்ப்பு வேறு.

இனிக் காலம். ‘சிரிப்பாங்க’ என்றபின் மூதாட்டி சற்றே நிறுத்துகிறார். அவ்விடைவெளி முக்கால் நொடிக்குச் சிறிது மிகுதி. இரண்டையும் ஒரே துண்டாக்கினால், அவர் வாய் திறக்குமுன்பே ‘நான் விடல’ என்பது திரையில் வந்துவிடும். அவர் உறுதியின் ஆற்றல் வீணாகும். ஆகவே மூச்சு நிற்குமிடத்தில் துண்டினை முடிக்கவேண்டும். ஒரு துண்டுக்குள் வரியை மடிக்கும்போது எச்சத்தையும் அது கொண்டு முடியும் சொல்லையும் பிரித்தலாகாது.

படிக்கும் வேகத்தைக் கணக்கிடும் மென்பொருள்களிலும் ஒரு பொறி உண்டு. ஏழாம் துண்டில் இடைவெளியும் முற்றுப்புள்ளியும் நீங்கலாகத் தமிழெழுத்து 29. ஆயினும், கணினி உயிர்மெய்க் குறிகளையும் மெய்ப்புள்ளியையும் தனித்தனியே எண்ணினால் 48 எனக் காட்டும். அதனை நம்பி, வேகம் மிகுந்ததென்று மூதாட்டியின் சொற்களை வெட்டிவிடுவர். எழுத்தைத் தொல்காப்பியர் வழியில் எண்ணுக!

முடிவில் படத்தின் தொடக்கத்தையும் கடைசியையும் ஓட்டிப் பார்க்கவேண்டும். பிழை ஈரிடத்தும் ஒரே அளவாயின், எல்லாக் காலத்தையும் அவ்வளவு நகர்த்தினால் போதும். போகப்போக வளர்ந்தால், படத்தின் ஓட்டவேகமும் கோப்பின் வேகமும் வேறு; நகர்த்துவதால் அது தீராது, வேகத்தையே மாற்றவேண்டும்.

தூய தமிழ் பேச வைப்பது நம் கடமை. பேசாததைப் பேசியதாக எழுதுவது அக்கடமையன்று.