பாக்கி எவ்வளவுன்னு எதிராளிகிட்டயே கேட்கணும்

நான் காரைக்கால் பக்கம் ஆடிட் வேலை பார்க்கிறேன். என் கிளையண்ட்ல பாதிப் பேர் திருநள்ளாறைச் சுத்தி வியாபாரம் செய்றவங்க. இன்னைக்குப் பேசப்போறது பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் லெட்டர் பத்தி. ஒரு வியாபாரி "எனக்கு இவ்வளவு வரவேண்டியிருக்கு"ன்னு கணக்கு காட்டினா, அந்தப் பணத்தைத் தரவேண்டிய வாடிக்கையாளருக்கே ஆடிட்டர் கடிதம் போட்டு "உங்க கணக்குப்படி எவ்வளவு?"ன்னு கேட்கிறதுதான் இது.

இன்வாய்ஸ், லெட்ஜர், ஸ்டேட்மெண்ட் எல்லாமே வியாபாரியோட சொந்த கம்ப்யூட்டர்லேர்ந்து வர்ற காகிதம். நினைச்சா எத்தனை வேணும்னாலும் அடிக்கலாம். வாடிக்கையாளரோட புத்தகம் மட்டும்தான் அவர் கைக்கு வெளியே இருக்கு.

2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதின கடிதம் பலருக்கு ஞாபகம் இருக்கும். வங்கியில இல்லாத பணத்தைப் பத்தித்தான் எல்லாரும் பேசினாங்க. அதே கடிதத்துல இன்னொரு வரியும் இருந்தது: வாடிக்கையாளர்கள்கிட்டேர்ந்து வரவேண்டியதா காட்டின 2,651 கோடியில 490 கோடி அதிகப்படியா காட்டினது. அதுக்குப் பின்னால போலி இன்வாய்ஸ்கள் இருந்தன. 6,000-க்கும் மேல்னு அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் சொன்னது. வங்கி இருப்பையும் வாடிக்கையாளர் பாக்கியையும் உறுதிசெய்ற வேலையை ஆடிட் நிறுவனங்கள் ஒழுங்கா செய்யலைன்னு 2011-ல அதே ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வங்கிக்குப் போகவேண்டிய உறுதிக் கடிதங்களை அனுப்புறது, பதில் வாங்குறது ரெண்டையும் சத்யம் கையிலேயே விட்டுட்டாங்கங்கிறது அதுல முக்கியமான குற்றச்சாட்டு.

அதனால இந்த வேலையில முதல் விதி, கடிதம் யார் கையில இருக்குங்கிறதுதான். இந்தியாவுல இதுக்கான தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 505. கடிதம் கிளையண்டோட லெட்டர்பேடுல, அவர் கையெழுத்தோடதான் போகும், ஏன்னா அவர் சொன்னாத்தான் வாடிக்கையாளர் பதில் தருவார். ஆனா யாருக்கு அனுப்பணும்னு தேர்ந்தெடுக்கிறது ஆடிட்டர். தபால்ல சேர்க்கிறதோ மெயில் அனுப்புறதோ ஆடிட்டர். பதிலும் நேரா ஆடிட்டர் முகவரிக்கு வரணும். "சார், நாங்களே வாங்கித் தர்றோம்"னு கிளையண்ட் ஆபீஸ்ல ஒரு கட்டு கையெழுத்துக் காகிதம் நீட்டினா, அதை உறுதிப்படுத்தின சான்றா எடுத்துக்க முடியாது.

முகவரியையும் நம்பிடக்கூடாது. நான் வாடிக்கையாளரோட ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்துல தேடி, அங்கே இருக்கிற பெயரும் இடமும் பொருந்துதான்னு பார்ப்பேன். பதில் ஏதோ சொந்த மெயில்லேர்ந்து வந்தா, கிளையண்ட் கொடுத்த நம்பரை விட்டுட்டு, நானே தேடி எடுத்த கடை நம்பருக்குப் போன் செய்வேன்.

அடுத்து, கடிதத்துல என்ன கேட்கிறது? மூணு விதம் உண்டு. "உங்க பாக்கி இவ்வளவு, சரியா தப்பா சொல்லுங்க"ங்கிறது முதல் விதம். "தப்பா இருந்தா மட்டும் எழுதுங்க"ங்கிறது ரெண்டாவது. இதுல கடிதம் குப்பைக்கூடைக்குப் போனாலும் சரின்னு ஆயிடும், அதனால நிறைய சின்னச் சின்னப் பாக்கிகளும் குறைஞ்ச ரிஸ்க்கும் இருக்கிற இடத்துல மட்டும்தான் பயன்படுத்தலாம். மூணாவது, தொகையை எழுதாம காலியா விட்டு, "நீங்களே நிரப்புங்க"ன்னு கேட்கிறது. பதில் குறைவா வரும், ஆனா வர்ற பதிலுக்கு மதிப்பு அதிகம். தொகையைப் போட்டுக் கொடுத்தா, புத்தகத்தைத் திறக்காமலே சீல் குத்தி அனுப்புறவங்க நிறைய.

ஒரு கடைக்காரர் என்கிட்ட போன்ல கேட்டார்: "தம்பி, நான் கையெழுத்துப் போட்டா உடனே காசு கட்டச் சொல்லுவாங்களா?" "இல்லண்ணே, இது வசூல் கடிதம் இல்ல, கணக்கு ஒத்துப்போகுதான்னு பார்க்கத்தான்"னு சொன்ன பிறகுதான் லெட்ஜரைத் திறந்தார். இந்த ஒரு வரியைக் கடிதத்துலயே எழுதிடறது நல்லது.

இப்போ ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்களை எளிமைக்காக மாத்தியிருக்கேன். திருநள்ளாறுல ஒரு நல்லெண்ணெய் மொத்த வியாபாரி. கோயம்புத்தூர்ல அவருக்கு ஒரு வாடிக்கையாளர். 2025 மார்ச் 31 அன்னிக்கு வியாபாரியோட லெட்ஜர்ல பாக்கி 4,86,000 ரூபாய். வாடிக்கையாளர் நிரப்பி அனுப்பினது 3,76,000. வித்தியாசம் 1,10,000.

இந்த இடத்துல மொத்தத்தை வச்சு வாதாடிப் பிரயோஜனம் இல்ல. ரெண்டு பக்கமும் முடியாம நிற்கிற இன்வாய்ஸ் பட்டியலை வாங்கி, நம்பருக்கு நம்பர் டிக் அடிக்கணும். அடிச்சா மூணு விஷயம் மிஞ்சுது.

முதலாவது 40,000. வாடிக்கையாளர் மார்ச் 29-ல செக் எழுதித் தபால்ல போட்டு, அன்னிக்கே கணக்குல கழிச்சுட்டார். வியாபாரிக்கு அது ஏப்ரல் 2-ல கிடைச்சுது. ஏப்ரல் பேங்க் ஸ்டேட்மெண்ட்ல வரவு தெரியுது. இது வெறும் நேர வித்தியாசம், யார் மேலயும் தப்பு இல்ல.

ரெண்டாவது 12,000. டின் ஒழுகினதுன்னு பிப்ரவரியில சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்காங்க. குடோன் நோட்டுல சரக்கு வந்தது பதிவாகியிருக்கு, ஆனா கிரெடிட் நோட் போடவே இல்ல. இது பிழை, திருத்தணும்.

மூணாவது 58,000. மார்ச் 31 தேதியில ஒரு இன்வாய்ஸ். வாடிக்கையாளர் புத்தகத்துல மார்ச்ல அது இல்ல. "சரக்கு வழியில இருந்தது சார்"னு பதில் வரும், அது உண்மையாவும் இருக்கலாம். ஆனா காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம், கோயம்புத்தூர் தமிழ்நாடு. மாநில எல்லை தாண்டி 50,000-க்கு மேல சரக்கு போனா ஈ-வே பில் வேணும். எடுத்துப் பார்த்தா அதுல தேதி ஏப்ரல் 3. லாரி ரசீதும் அதே தேதி. அப்போ மார்ச் 31-ல சரக்கு குடோன்லதான் இருந்தது. அடுத்த வருஷ விற்பனையை இந்த வருஷத்துல சேர்த்திருக்காங்க.

1,10,000-ல 40,000 போக, 70,000 பாக்கி அதிகமா காட்டப்பட்டிருக்கு. இதோட முடிக்கக்கூடாது. மார்ச் கடைசி நாள்கள்ல போட்ட மத்த பில்களையும் இதே மாதிரி ஈ-வே பில் தேதியோட ஒப்பிடணும். ஒரு வாடிக்கையாளர்கிட்ட நடந்தது பத்துப் பேர்கிட்டயும் நடந்திருக்கலாம்.

பதிலே வரலைன்னா? ரெண்டாவது கடிதம், அப்புறம் போன். அதுக்கும் வரலைன்னா, மார்ச்சுக்குப் பிறகு அந்த இன்வாய்ஸ்களுக்குப் பணம் வந்ததான்னு பேங்க்ல பார்க்கணும். வராததுக்கு லாரி ரசீது, சரக்கு வாங்கினவர் கையெழுத்து பார்க்கணும். "அவர் ஜிஎஸ்டி கணக்குலயே எங்க பில் ஏறியிருக்கே"ன்னு கிளையண்ட் சொல்வார். அது விற்றவர் தாக்கல் செஞ்ச விவரம் தானா அந்தப் பக்கம் போய்த் தெரியறது. அது மட்டும் வச்சு வாங்கினவர் ஒத்துக்கிட்டார்னு சொல்ல முடியாது.

கடைசியா ஒரு எல்லை. வாடிக்கையாளர் "ஆமாம், 3,76,000 தரணும்"னு எழுதிட்டா கடன் இருக்குங்கிறது உறுதி. அந்தக் காசு வருமாங்கிறதுக்கு அது பதில் இல்ல. அதுல எந்த இன்வாய்ஸ் ஒரு வருஷமா அசையாம கிடக்குன்னு தனியா பார்த்து, வராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்கணும்னு முடிவு செய்யணும். அது கடிதத்துக்கு அப்புறம் வர்ற வேலை.