அட்டை கொடுக்கும் வாக்கு

நம் நாட்டில் தமிழ் நாவல் எழுதுகிறவர் பலரும் சொந்தக் காசைப் போட்டுத்தான் அச்சிடுகிறார். பதிப்பகத்தில் பிழை பார்க்கும் ஆள் அவருக்கு இல்லை. அந்த வேலை நண்பர்களிடம் வந்து சேர்கிறது. அப்படி அச்சுக்கு முன் என் கைக்கு வந்தது, ஜெஞ்சாரோம் வட்டாரத் தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் ஒரு நாவல். நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் மூன்று செய்திகள்.

முதலாவது, பெயர். கதாநாயகி கௌரியை எழுத்தாளர் கடைசி நேரத்தில் மாலாவாக்கிவிட்டார். கணினியில் தேடி எல்லா இடத்திலும் மாற்றியும், ஒன்பது இடங்களில் கௌரி அப்படியே நின்றாள். காரணம், அங்கெல்லாம் 'ௌ' குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் 'ள' என்ற எழுத்தும் தட்டப்பட்டிருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு சொல். ஆகவே பெயரை மாற்றினால் இரண்டு வடிவத்தையும் தேட வேண்டும். ஜெஞ்சாரோம், ஜென்ஜாரோம் என்று ஊரின் பெயர் மாறி மாறி வந்ததற்கும் இதே வைத்தியம்தான்.

இரண்டாவது, திருத்தமே பிழையான கதை. தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் பெரட்டு. தோட்டம் அறியாத ஒருவர் அதை எழுத்துப்பிழை என்று நினைத்து, எல்லாவற்றையும் 'புரட்டு' ஆக்கிவிட்டார். "கங்காணி புரட்டுக்குக் கூப்பிட்டார்" என்று படித்தால் கங்காணி ஏமாற்றுக்காரர் ஆகிவிடுகிறார் அல்லவா? பிழை பார்ப்பவர் சந்தேகப்பட்ட சொல்லின் பக்க எண்ணையும் வரியையும் குறித்துக் கொடுத்தால் போதும். திருத்துவது எழுத்தாளர் கையில் இருக்கட்டும்.

மூன்றாவதுதான் பெரியது. அட்டையில் முள்வேலி, காவல் கோபுரம், துப்பாக்கியோடு சிப்பாய். பின்னட்டையில் 'அவசரகால நாவல்' என்ற வரி. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மக்களை வேலிக்குள் குடியேற்றிய புதுக்கிராமங்களில் ஜெஞ்சாரோமும் ஒன்று. எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் அந்த வேலியைப் பார்த்துத்தான் புத்தகத்தைக் கையில் எடுப்பார். உள்ளே 22 அத்தியாயங்களில் அவசரகாலம் இரண்டில்தான் வருகிறது. மீதி எல்லாம் 1980களில் தோட்டத்தை விட்டு கிள்ளானுக்குப் போன ஒரு குடும்பத்தின் கதை. நல்ல கதைதான். ஆனால் ஐந்தாம் அத்தியாயத்திலேயே பெரியவர் புத்தகத்தை மூடிவிடுவார். ஏமாந்தோம் என்று நாலு பேரிடமும் சொல்வார்.

வேலியை வைத்துக்கொள்வதானால், பாட்டி வேலிக்குள் வாழ்ந்த அந்த இரண்டு அத்தியாயங்களும் முன்னால் வந்து, கதை முழுவதும் நிழலாகத் தொடர வேண்டும். இல்லையென்றால் அட்டையில் சாமான் ஏற்றிய லோரியை வரையச் சொல்லுங்கள் என்று எழுதினேன். கதையைத் திருப்பி எழுத மாதங்கள் ஆகும். அட்டையை மாற்ற ஓவியருக்கு ஒரு வாரம் போதும். எழுத்தாளர் லோரியைத் தேர்ந்தெடுத்தார். பின்னட்டை வரியையும் எடுத்துவிட்டார்.

எழுத்துப்பிழையை வாசகர் மன்னித்துவிடுவார். அட்டை கொடுத்த வாக்கை மட்டும் மறக்க மாட்டார்.