எண் ஒன்று, காரணம் இரண்டு: தட்டணு மிகையின் இருவகை



கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபாடு கொண்டவன் என்ற முறையில் இன்று ஒரு மருத்துவச் சொல்லை உங்கள்முன் வைக்கிறேன். குருதியில் தட்டணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நிலையைத் 'திராம்போசைட்டோசிஸ்' என்பர். தமிழில் தட்டணு மிகை எனலாம். இதில் 'ரியாக்டிவ்', 'எசென்ஷியல்' என இருவகை உண்டு. அகராதியை மட்டும் நம்புபவர் பின்னதை 'இன்றியமையாத தட்டணு மிகை' என மொழிபெயர்த்துவிடுவார். தீங்கு தரும் மிகுதி எவ்வாறு இன்றியமையாததாகும்? பழைய மருத்துவ வழக்கில் 'எசென்ஷியல்' என்பது, புறக்காரணம் எதுவும் புலப்படாமல் தானாகவே தோன்றிய நோயைக் குறித்தது. எனவே முன்னதை எதிர்வினை மிகை என்றும், பின்னதைத் தன்னியல்பு மிகை என்றும் நான் வழங்குகிறேன்.

பெயரை விளக்கப் பொருளை அறிதல் வேண்டும். ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 150,000 முதல் 450,000 வரை தட்டணுக்கள் இருப்பது இயல்பு. காயம் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் குருதிப்போக்கை நிறுத்துவது அவற்றின் தொழில். எலும்பு மச்சையிலுள்ள பேருயிரணுக்கள் அவற்றை ஈனுகின்றன. அப்பேருயிரணுக்களைத் தூண்டும் இயக்குநீரைக் கல்லீரல் சுரக்கிறது.

எதிர்வினை மிகையில் மச்சைக்கு எக்குறையும் இல்லை. புறத்திலிருந்து வரும் ஏவலுக்கு அது பணிகிறது. நோய்த்தொற்று, நாட்பட்ட அழற்சி, அறுவை, புற்றுநோய் ஆகியவற்றில் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் கல்லீரலை முடுக்க, தூண்டுநீர் மிகுகிறது. இரும்புச்சத்துக் குறைவும், மண்ணீரலை அகற்றுவதும் ஏனைய காரணங்கள். தன்னியல்பு மிகையிலோ, ஏவல் இன்றியே உற்பத்தி நடக்கிறது. மச்சையின் ஒரு மூல உயிரணுவில் ஏற்பட்ட மரபணுத் திரிபு அதன் வழித்தோன்றல்களுக்கெல்லாம் செல்கிறது. 2005ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஜாக்2 திரிபு நோயாளிகளுள் பாதிப்பேர் அல்லது அதற்குச் சற்று மேற்பட்டோரிடம் காணப்படுகிறது. பின்னர்க் கண்டறியப்பட்டவை எம்பிஎல், கால்ஆர் திரிபுகள். மூன்றும் ஒரே தூண்டற்பாதையை ஓயாது திறந்து வைக்கின்றன. இப்போது காரணம் அறியப்பட்டுவிட்டது. பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். இருவரின் குருதி அறிக்கையிலும் தட்டணு எண்ணிக்கை 720,000. ஒருவர் முப்பத்தைந்து வயதுப் பெண். மாதவிடாயில் குருதிப்போக்கு மிகுதி, ஈமோகுளோபின் குறைவு, சிவப்பணுக்கள் சிறுத்துள்ளன, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகத் தாழ்ந்துள்ளது. இரும்புச்சத்து ஊட்டிய சில வாரங்களில் எண்ணிக்கை இயல்புக்கு இறங்குகிறது. மற்றவர் அறுபத்துநான்கு வயது ஆடவர். ஈமோகுளோபினும் ஃபெரிட்டினும் இயல்பாக உள்ளன. அழற்சிக்கான அடையாளம் இல்லை. விரல் நுனிகளில் எரிச்சல் உண்டு; ஈராண்டுக்கு முன் சிறு பக்கவாதம் கண்டவர். மாதங்கள் கடந்தும் எண்ணிக்கை இறங்கவில்லை. ஜாக்2 சோதனையும் மச்சைத் திசு ஆய்வும் தன்னியல்பு மிகையை உறுதிசெய்கின்றன.

எண் ஒன்றே, உறைகட்டி அபாயம் ஒன்றன்று. அப்பெண்ணின் தட்டணுக்கள் இயல்பானவை. பெருகியதனால் மட்டும் அவை நாளங்களை அடைப்பது அரிது. எதிர்வினை மிகையில் உறைகட்டி தோன்றினால், அதற்குப் பெரும்பாலும் புற்றுநோய், அறுவை போன்ற அடிப்படை நிலையே காரணம். அந்த ஆடவரிடமோ தட்டணுக்களின் தன்மையே மாறியுள்ளது. வெள்ளணுக்களும் உறைதலுக்குத் துணைபோகின்றன. மூளை, இதயத் தமனிகளில் அடைப்பு நேரலாம். வயிற்றுச் சிரைகளிலும் நேரலாம். அறுபதைக் கடந்த வயது, முன்பு ஏற்பட்ட உறைகட்டி, ஜாக்2 திரிபு ஆகிய மூன்றும் அபாயத்தை உயர்த்துபவை. மூன்றும் அவரிடம் உள. எனவே குறைந்த அளவு ஆஸ்பிரினோடு, உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியாவும் அவருக்குத் தரப்படும்.

இங்கே ஒரு முரண் உண்டு. எண்ணிக்கை கூடக்கூட உறைகட்டி அபாயமும் கூடும் என எண்ணுவது இயல்பு, உண்மை அவ்வாறன்று. கால்ஆர் திரிபுடையோரிடம் எண்ணிக்கை மிகுந்தும் உறைகட்டி குறைவு. பத்து இலட்சத்தைத் தாண்டும்போதோ குருதிப்போக்கே அச்சமாகிறது. உறைதலுக்கு உதவும் வான் வில்லிபிராண்டு புரதத்தைத் தட்டணுப் பெருக்கம் கவர்ந்து குறைத்துவிடுவதே காரணம். அந்நிலையில் ஆய்ந்து பாராமல் ஆஸ்பிரின் தருவது தீங்காகும்.

எண்ணிக்கையின் உயரம் வகையைக் காட்டாது. எதிர்வினை மிகையும் பத்து இலட்சத்தை எட்டக்கூடும். ஃபெரிட்டினும் சிலவேளை ஏமாற்றும்; அழற்சி அதனை உயர்த்துவதால், இரும்புக் குறைவு மறைந்திருக்கலாம். அடிப்படை நோய் தீர்ந்த பின்னும் மிகை நீடித்தால் மரபணுச் சோதனை தேவை என்பதே முறை. ஏவலால் வந்ததா, தன்னியல்பால் வந்ததா என்ற வினாவைச் சொல்லிலேயே தாங்கி நிற்கும் கலைச்சொல், படிப்பவரை அம்முறைக்கு ஆற்றுப்படுத்தும்.