தேர்தலில் தோற்ற அபேட்சகரின் பிரசங்கம்

(ஒரு ஜில்லாவின் சர்க்கார் சிப்பந்திகள் சிக்கன நாணய சங்கத்தில் தலைவர் ஸ்தானத்துக்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்ற கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர், முடிவு தெரிவிக்கப்பட்ட பொதுக்கூட்டத்தில் பேசியது. கிராம சங்கங்களின் அங்கத்தினர்களுக்கும் பயன்படுமென்று இங்கே பிரசுரிக்கப்படுகிறது.)

 

தேர்தல் அதிகாரி முடிவைப் படித்ததைக் கேட்டீர்கள். புதிய தலைவருக்கு 84 ஓட்டுகளும் எனக்கு 79 ஓட்டுகளும் கிடைத்திருக்கின்றன. 4 சீட்டுகள் செல்லாதவை. அவரை மனப்பூர்வமாக வாழ்த்துவதற்கே எழுந்திருக்கிறேன். வாழ்த்தை ஒரே வாக்கியத்தில் சொல்லி உட்கார்ந்துவிடலாம். ஆனால் 5 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்த தேர்தலில் தோற்றவன் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், அவனுடைய நண்பர்கள் மனத்தில் சில சந்தேகங்கள் தங்கிவிடும். அவற்றை நானே தீர்த்துவைப்பது நியாயம்.

முதலாவது, அந்த நான்கு சீட்டுகளைப் பற்றியது. அவற்றைக் குறித்து மனுக் கொடுக்கவேண்டுமென்று நண்பர்கள் சிலர் என்னிடம் வற்புறுத்தினார்கள். எண்ணும்போது நான் மேஜையருகிலேயே இருந்தேன். நான்கையும் கண்ணால் பார்த்தேன். இரண்டில் இருவர் பெயருக்கும் எதிரே குறி இடப்பட்டிருந்தது. ஒன்றில் குறியே இல்லை. மற்றொன்றில் ஓட்டளித்தவர் தம் கையெழுத்தையே போட்டுவிட்டார். இரகசிய ஓட்டில் அது செல்லாது. ஒரு பேச்சுக்கு, நான்கும் எனக்கே சேர்ந்தவை என்று வைத்துக்கொண்டாலும் என் கணக்கு 83 ஆகும்; அவர் கணக்கு 84. ஆகவே எந்தக் கணக்கின்படியும் ஜயித்தவர் அவரே. முடிவுத்தாளில் நான் கையெழுத்திட்டது மரியாதைக்காக அல்ல, அது உண்மையாயிருப்பதனால்.

இரண்டாவது, எங்கள் இருவருக்கும் இருந்த கருத்து வேற்றுமை. நம் சங்கம் டிபாசிட்டுக்கு நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி கொடுத்து, கடனுக்கு 7 ரூபாய் வாங்குகிறது. இடையிலுள்ள 2 ரூபாயிலிருந்துதான் ஆபீஸ் செலவும், வாராக் கடனும், சேமநிதியும் நடைபெறவேண்டும். கடன் வட்டியை 6½ ஆக்கலாமென்று நான் சொன்னேன். நின்றுபோன தவணைகள் வந்து சேரும்வரை அந்த அரை ரூபாயைத் தொடலாகாதென்று அவர் சொன்னார். என் கருத்தை நான் கைவிட்டுவிடவில்லை. அடுத்த வருஷ வரவு செலவுத் திட்டத்தின்போது மறுபடியும் எடுத்துச் சொல்வேன். ஆனால் இந்த வருஷம் எது நடக்கவேண்டுமென்று அங்கத்தினர்கள் தீர்மானித்துவிட்டார்கள். 10 பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்றே என்ற விதி, 1844-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலியோர் நிறுவிய சங்கத்திலிருந்து நமக்கு வந்தது. அவ்விதியின் பலன் நமக்கு அநுகூலமாயிருக்கும்போது மட்டும் அதைப் புகழ்வது அழகல்ல.

அவர் ஏன் ஜயித்தார் என்பதையும் சொல்லவேண்டும். அதுவே என் வாழ்த்தின் சாரம். நம் சங்கத்தில் கடன் தவணை மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. ஓர் அங்கத்தினர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால், புதிய ஆபீஸில் சம்பளப் பில் தயாரிப்பவருக்கு நம் பிடித்தப் பட்டியல் போய்ச் சேராமல் தவணை நின்றுவிடும். கடன் வாங்கியவர் ஏமாற்றுகிறார் என்பதில்லை. பிடிப்பவர் இல்லை, அவ்வளவுதான். மாதங்கள் வருஷங்களாகின்றன. மூன்று வருஷம் இப்படியே போய்விட்டால் பிராமிசரி நோட்டு காலாவதியாகிவிடும். காலம் தீருமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுத்து மூலம் கையெழுத்து வாங்கிக்கொள்வது ஒரு வழி. புதிய தலைவர் தலைமைக் குமாஸ்தாவாக இருந்துகொண்டே, மாற்றல் உத்தரவு வரும் ஒவ்வோர் அங்கத்தினர் பெயரையும் ஒரு சிறு நோட்டில் எழுதி, அடுத்த சம்பளப் பில்லுக்கு முன்பே புதிய ஆபீஸுக்குப் பட்டியல் அனுப்பி வந்தார். யாரும் அவரை ஏவவில்லை. தூரத்து ஊர்களில் எனக்காக ஓட்டுக் கேட்கப் போனபோது, “அவர் எங்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்” என்று பலர் சொல்லக் கேட்டேன். அந்த ஊர்களில் அவருக்கு விழுந்த ஓட்டுகள் அந்த நோட்டுக்கு விழுந்தவை. அவை நியாயமாகவே விழுந்தன.

இனி, எனக்கு ஓட்டளித்த 79 பேருக்கு மூன்று வார்த்தைகள்.

நிர்வாக சபையில் ஒன்பது பேர். ஐவர் வந்தால்தான் கூட்டம் செல்லும். என்னோடு சேர்ந்தவர்கள் நால்வர் என்பது எல்லோருக்கும் தெரியும். நால்வரும் வராமலிருந்து, மற்ற ஐவரில் ஒருவர் முகாம் போய்விட்டால் கூட்டமில்லை. கூட்டமில்லையென்றால் தலைவருக்கு நஷ்டமில்லை. பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் பிரசவச் செலவுக்கும் மனுப் போட்டிருக்கிறவனுக்கே நஷ்டம். ஆகையால் நால்வரும் முதல் கூட்டத்துக்கு முதலில் வந்து உட்காரவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.

டிபாசிட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளப் போவதாகச் சிலர் பேசுகிறார்கள். அந்தப் பணம் பெட்டியில் இல்லை. உங்களைப் போன்றவர்களிடமே கடனாக நிற்கிறது. ஒரே வாரத்தில் பலர் கேட்டால், சங்கம் ஜில்லா மத்திய பாங்கியில் கடன் வாங்கித் தரவேண்டும். அந்த வட்டி நம் தலையிலேயே விழும். தலைவரைத் தண்டிப்பதாக எண்ணி நம் கையையே சுட்டுக்கொள்வோம்.

மூன்றாவது ஜாமீன். ஓட்டு எண்ணி முடிந்த சற்று நேரத்துக்கெல்லாம் நண்பர் ஒருவர் என்னிடம் வந்து, எதிர்க்கட்சிக்கு வேலை செய்த ஓர் அங்கத்தினருடைய கடன் மனுவிலிருந்து தம் ஜாமீன் கையெழுத்தை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். கடன் இன்னும் பட்டுவாடா ஆகவில்லை, ஆகவே எடுக்கலாம். ஆனால் இரண்டு ஜாமீன் இல்லாமல் நம் சங்கத்தில் கடன் கிடையாது. இந்த வழக்கம் இருபுறமும் பரவினால், 84 பேர் ஒரு சங்கமாகவும் 79 பேர் வேறு சங்கமாகவும் ஆகிவிடுவோம். கட்சி சாராத எளியவனுக்கு இரண்டிலும் இடமிராது. நண்பருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லுகிறேன்: அவர் கையெழுத்தை எடுத்தால் அந்த இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். அந்த அங்கத்தினர் எனக்கு விரோதமாக ஓட்டுக் கேட்டவர்தாம். அவர் தவணை தவறாதவர் என்பதும் எனக்குத் தெரியும். ஜாமீனுக்கு இரண்டாவது விஷயமே வேண்டும்.

கடைசியாக ஒரு காரியம். ஓட்டுக் கேட்டு வந்த நாட்களில் அங்கத்தினர்கள் என்னிடம் சொன்ன குறைகளை ஊர்வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். வரவு பதியக் கொடுத்த பாஸ் புத்தகம் திரும்பவில்லை என்பதே பெரும்பாலோர் குறை. தேர்தலில் நான் ஜயித்திருந்தால் இந்தக் காகிதங்களைக் கொண்டுதான் வேலையைத் தொடங்கியிருப்பேன். இப்பொழுது இவற்றைப் புதிய தலைவர் அவர்களிடம் ஒப்புவிக்கிறேன். அவருடைய நோட்டோடு இவையும் சேரட்டும். எந்த ஊருக்கு யார் போய் விசாரிப்பது என்று அவர் பங்கிட்டுக் கொடுத்தால், என் முகாம் வழியிலுள்ள ஊர்களை நான் பார்த்துக்கொள்ளுகிறேன்.